முந்தானையில் இருந்த கடலை

அம்சவள்ளி அக்காவுக்கு இருபத்தொன்பது வயது. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில், நான் தற்காலிக ஆசிரியையாக இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு எதிர்த் தெருவில் குடியிருக்கிறார். மற்றவர்கள் நிலத்தில் களை எடுப்பார், நடுவார், கடலை போடுவார். கணவர் சின்னராசு கரும்பு வெட்டும் காலத்தில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய்விட்டால் மாட்டுப் பொங்கலுக்குத்தான் வருவார். ஒரே மகள் சந்தியா, இரண்டாம் வகுப்பு, வகுப்பிலேயே சிறிய பிள்ளை.

அக்காவைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பயந்த பெண். பள்ளியிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்டுவார். பெற்றோர் கூட்டத்தில் கடைசி வரிசையில் கதவோரம் உட்காருவார். எட்டாம் வகுப்பு படித்தவர், ஆனால் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பேனாவை அழுத்தும் அழுத்தத்தில் பின்பக்கத் தாளில் பெயர் புடைத்து நிற்கும். நானும் அவரைப் பயந்த பெண் என்றுதான் மூன்று வருடமாக நினைத்திருந்தேன். போன மார்கழியில் நடந்ததை எழுதுவது அதனால்தான்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியை நிர்மலா சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு உணவுச் சத்துகளை விளக்கும் பகுதி என் பொறுப்பு. நான் வேதியியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஒரு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்து, அதில் சோறு, அவித்த முட்டை, கடலை, ஒரு சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் என்று அடுக்கி, ஒவ்வொன்றின் சார்பாகவும் ஒரு பிள்ளை பேசுவதாகத் திட்டம் போட்டேன். பேச்சை நானே எழுதினேன்.

சோறு பேச வேண்டியது: “நான் மாவுச்சத்து. உனக்குச் சக்தி கொடுப்பேன்.” எண்ணெய் பேச வேண்டியது: “நான் கொழுப்பு. சக்தியைச் சேமித்து வைப்பேன். கொஞ்சம் இருந்தால் போதும்.” முட்டைக்கு மட்டும் நீளமாக எழுதிவிட்டேன். “நான் புரதம். உன் தசையைக் கட்டுவேன். அடிபட்ட இடத்தை ஆற்றுவேன். நான் இல்லாவிட்டால் நீ வளரவே மாட்டாய்.” கடைசி வரியை எழுதிவிட்டு நானே ரசித்தது நினைவிருக்கிறது. ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பும் எழுதினேன்: சொல்லி முடித்ததும் ஒரு வாய் கடித்துக் காட்ட வேண்டும்.

கடலையில் புரதமும் இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சோதனை வைத்திருந்தேன். நிலக்கடலைப் பருப்பை நசுக்கி வெள்ளைத் தாளில் தேய்த்தால் எண்ணெய்ப் பசை ஒட்டும்; வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் ஊடுருவித் தெரியும். சோற்றில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாக மாறும், அது மாவுச்சத்துக்கு அடையாளம். அயோடின் விட்ட சோற்றுத் தட்டைத் தனியாக வைத்து, “இதைத் தின்னக் கூடாது” என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். அவ்வளவு கவனமாக இருந்ததாக நினைத்தேன்.

முட்டையை தேவதர்ஷினிக்குக் கொடுத்தேன். அவள் சத்தமாகப் பேசுவாள். சந்தியாவுக்குச் சோறு. அவரவர் பேசும் பொருளை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பதால், அவர்கள் வீட்டில் சோறு எப்படியும் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். என் வீட்டுக்கும் ஒரு காலத்தில் யாரோ இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். அப்போது அது தோன்றவில்லை.

எல்லாப் பேச்சும் எழுதியிருந்த தாளைச் சந்தியா வாங்கிக்கொண்டு, “டீச்சர், நான் பொரதம் சொல்றேனே” என்று கேட்டாள்.

“நீ சோறு சொல்லும்மா. ரெண்டே வரி, ஈஸியா இருக்கும்” என்றேன்.

அவள் போய்விட்டாள். இது திங்கட்கிழமை.

புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். வராந்தாவில் ஒத்திகை. சோதனையைச் செய்து காட்டக் கடலை வேண்டும் என்றேன். யாரிடமும் இல்லை. சந்தியா தன் பென்சில் டப்பாவைத் திறந்து நீட்டினாள். உள்ளே ஏழெட்டுப் பருப்புகள் இருந்தன. தோல் சிவந்த, கொழுத்த பருப்பு. “சோறு கொண்டாரச் சொன்னா கடலை கொண்டாந்திருக்கியா” என்று சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்து நசுக்கித் தாளில் தேய்த்தேன்.

எண்ணெய்ப் பசை வந்தது. அதைச் சுற்றி ரோஸ் நிறத்தில் ஒரு கறையும் வந்தது.

தோலின் நிறம் என்று முதலில் நினைத்தேன். காய்ந்த கடலைத் தோல் தாளில் அப்படி ஒட்டாது. இன்னொன்றை எடுத்து விரலால் துடைத்தேன், விரல் சிவந்தது. முகர்ந்து பார்த்தேன். பட்டாசு வெடித்த மறுநாள் தெருவில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு வாடை. விதைக்கடலையில் மருந்து கலக்கும்போது சாயமும் சேர்ந்திருக்கும், இது தின்பதற்கு அல்ல என்று தெரிய வேண்டும் என்பதற்காக. ஆனால் கடலையின் தோலே சிவப்பு. அதன் மேல் அந்தச் சாயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெள்ளைத் தாளில்தான் தெரிந்தது.

பிள்ளைகள் பார்க்காதபடி தாளை மடித்தேன். “இது ஏதும்மா?” என்று கேட்டேன்.

“அம்மா முந்தானையில இருந்துச்சி.”

“துன்னியா?”

அவள் தலையாட்டினாள். “சொல்லிப் பாக்கும்போது கடிச்சேன். நீங்கதான கடிக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க.”

“எத்தன தடவ சொல்லிப் பாத்த?”

“நெறைய. ராத்திரியும் சொன்னேன், காலைலயும் சொன்னேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “யாருக்கும் குடுக்கல டீச்சர். பெர்சாவணும்னு நானே துன்னேன்.”

அவள் சோற்றின் இரண்டு வரியை மனப்பாடம் செய்யவே இல்லை. முட்டையின் பேச்சை, தேவதர்ஷினிக்கு நான் எழுதிய பேச்சை, வீட்டில் தனியாக நின்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர்கள் வீட்டில் முட்டை இல்லை. கடலையும் புரதம் என்று வகுப்பில் நானே சொல்லியிருந்தேன்.

தலைமை ஆசிரியை நூற்றெட்டுக்கு அடித்தார். சத்துணவு சமைக்கும் செவ்வந்தி அக்கா ஒரு சொம்பில் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார், குடிக்க வைத்து வாந்தி எடுக்கச் செய்யலாம் என்று. போனில் பேசியவர் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாயைக் கொப்பளித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், வேறொன்றும் கொடுக்காதீர்கள், வண்டி வருகிறது என்றார். செவ்வந்தி அக்கா சொம்பைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் சொன்னதை அவர் நம்பினாரா என்று தெரியாது. எனக்கே நம்பிக்கை இல்லை. அதுவரை நான் படித்த எதுவும் அந்த நிமிடத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

சந்தியா குழாயடியில் கை கழுவிக்கொண்டே, வயிறு வலிக்கிறதா என்று எல்லோரும் கேட்பதைப் பார்த்துப் பயந்து, வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். அது உண்மையா, எங்கள் முகத்தைப் பார்த்து வந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அம்சவள்ளி அக்கா அன்று பள்ளிக்குப் பின்னாலிருந்த நிலத்தில்தான் களை எடுத்துக்கொண்டிருந்தார். ஆள் போய்ச் சொன்னதும் சேற்றுக் காலோடு வந்தார். கூடவே நாலைந்து பெண்களும் வந்தார்கள். நான் தாளை விரித்துக் காட்டினேன். அவர் கறையைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். தொடவில்லை. தன் முந்தானையின் நுனியை எடுத்து, அதை முதல் தடவை பார்ப்பவர் போல, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எங்க போட்ட கடலைக்கா?” என்று கேட்டேன்.

“செல்லமுத்து கவுண்டர் கொல்லையில. முந்தாநேத்து.”

“இன்னா மருந்து?”

அக்கா திரும்பி ஓடினார். பள்ளிக் கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஏரிப்பக்கம் போகும் வண்டிப்பாதையில் ஓடினார்.

“அடியே, புள்ளய வுட்டுட்டு எங்கடி ஓடற?” என்று ஒரு பெண் கத்தினாள். இன்னொருத்தி, “பயந்தாங்கொள்ளி, ஆஸ்பத்திரின்னா ஓடிடுவா, தெரிஞ்சதுதான” என்றாள். சந்தியா, “அம்மா” என்று கூப்பிடக்கூட இல்லை. ஓடும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு, நனைந்த கையைப் பாவாடையில் துடைத்தாள்.

வண்டி வந்தபோது அவர் திரும்பியிருக்கவில்லை. காத்திருக்க முடியாது என்றார்கள். நானே பிள்ளையோடு ஏறினேன். மீதியிருந்த பருப்புகளை அந்தத் தாளிலேயே மடித்து எடுத்துக்கொண்டேன்.

திருக்கோவிலூர் போகும் வரை அவள் தலை என் மடியில் இருந்தது. வண்டியில் இருந்த பெண், பிள்ளையைத் தூங்க விடாமல் பேச்சுக் கொடுக்கச் சொன்னார். என்ன பேசுவது என்று தெரியாமல், உன் பேச்சைச் சொல்லு என்றேன். வாயிலிருந்து வந்ததும் அய்யோ என்றிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, “நான் பொரதம். உன் தசையைக் கட்டுவேன்” என்று ஆரம்பித்தாள். கடைசி வரிக்கு முன்னால் நின்றாள்.

“டீச்சர், இப்ப நான் வளருவனா, மாட்டனா?”

வளருவாய் என்றேன். சத்தமாகச் சொன்னேன். அவள் கைவிரல்கள் குளிர்ந்திருந்தன. அது தண்ணீரின் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரசு மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார். நாடி, கண், மூச்சு எல்லாம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து என்பது. கடலைக்குப் போடும் மருந்து என்றேன். கடலைக்குப் பூஞ்சை வராமல் போடுவதும் உண்டு, புழுவைக் கொல்லப் போடுவதும் உண்டு, இரண்டுக்கும் பார்க்கிற விதமே வேறு, பெயர் தெரியுமா என்று கேட்டார். மடித்த தாளைக் கொடுத்தேன். நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். “நீங்க கெமிஸ்ட்ரின்னு சொன்னீங்களே?” என்று அவர் இயல்பாகத்தான் கேட்டார். 

சந்தியா ஒரு தடவை வாந்தி எடுத்தாள். செவிலியர் அவள் கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார். மருத்துவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் ஏன் இத்தனை தடவை பார்க்கிறார் என்று கேட்கத் துணிவில்லை. தலைமை ஆசிரியைக்குப் போன் செய்து செல்லமுத்துவிடம் கேட்கச் சொன்னேன். அவர் போனை எடுக்கவில்லை என்றார். ஓடிப்போன அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் இருந்திருந்தால் இந்தப் பயத்தில் பாதியை அவரிடம் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன். உள்ளதை எழுத வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். வாசலில் ஒரு பைக் நின்றது. ஓட்டி வந்தவர் செல்லமுத்து. பின்னாலிருந்து அம்சவள்ளி அக்கா இறங்கினார். முழங்கை வரை ஈர மண். ஒரு நகம் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. கையில் ஒரு தேக்கிலை. அதைப் பிரித்தார். உள்ளே மண் ஒட்டிய, கசங்கிய பாக்கெட் இருந்தது.

“இதாங்கம்மா கலந்தது. பூச்சி மருந்து கலக்கல. நான்தான் சாக்குல கொட்டிப் பெரட்டுனேன், இது ஒண்ணுதான்” என்று மருத்துவரிடம் நீட்டினார்.

மருத்துவர் கையுறை போட்டுக்கொண்டு வாங்கி, மண்ணைத் துடைத்துப் பெயரைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததை அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். இது பூஞ்சை மருந்து, பிள்ளை தின்ற அளவு குறைவுதான், வயிற்றைப் புரட்டும், தோல் அரிக்கலாம், காலை வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றார். பயப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. “பாக்கெட்ட கொண்டாந்தீங்களே, நல்லதாப் போச்சும்மா” என்று மட்டும் சொன்னார்.

செல்லமுத்து வாசலிலேயே நின்று எங்களிடம் சொன்னார். அவர் ஒழுங்கான ஆள், காலிப் பாக்கெட்டை யாரும் எடுக்கக் கூடாது என்று கொல்லை நிலத்தின் அந்தக் கோடியில், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார். அக்கா ஒன்றரை கிலோமீட்டர் ஓடிப்போய் அந்த இடத்தை மண்வெட்டி எடுக்காமல் கையாலேயே தோண்டியிருக்கிறார். “மம்முட்டி இருக்குதுன்னு நான் கத்தறேன், காதுல வாங்கல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, விதைத்து முடித்தால் சாக்கில் மிஞ்சுவதைப் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு கை கொடுப்பது தன் அப்பா காலத்திலிருந்து இருக்கும் பழக்கம், வேலியோரம் ஊன்றிக்கொள்வார்கள் என்று விளக்கம் சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

மாலையில் சந்தியா தூங்கிய பிறகு அக்காவே எனக்குச் சொன்னார். விதைப்புக்கு முந்தின பத்து நாளும் செல்லமுத்து வீட்டில் கடலை உடைக்கும் வேலை. உடைந்து போன பருப்பு விதைக்கு ஆகாது. அதைத் தினமும் முந்தானையில் முடிந்து கொண்டுவருவார், பிள்ளை வாசலிலேயே முடிச்சை அவிழ்த்துத் தின்னும். விதைத்த அன்று முடிந்து வந்தது வேலிக்கு. குளித்துவிட்டுச் சேலையைக் கொடியில் போட்டவர், முடிச்சை அவிழ்க்க மறந்துவிட்டார். பிறகு பார்த்தபோது முடிச்சு காலியாக இருந்தது. வரும் வழியில் கொட்டியிருக்கும் என்று விட்டுவிட்டார்.

“பத்து நாளா அவுத்துத் துன்ன புள்ள. பதினோராம் நாளு வேற கடலன்னு அதுக்கு இன்னா தெரியும்?” என்றார்.

பாக்கெட்டைத் தேடி ஓட வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டேன். அவருடைய மூத்தார், கணவரின் அண்ணன் அம்மாசி, ஒரு தடவை மருந்து அடித்துவிட்டு மயங்கி விழுந்தபோது, கூட்டிக்கொண்டு போன இடத்தில் எல்லோரும் கேட்டது என்ன மருந்து என்றுதானாம். யாருக்கும் தெரியவில்லை. “அவருக்கு ஒரு கண்ணு இன்னும் சரியில்ல டீச்சர்” என்றார். அன்றிலிருந்து எங்கே மருந்து கலந்தாலும், டப்பா எங்கே போகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வாராம். யாரிடமும் சொல்ல மாட்டார். சிரிப்பார்கள் என்று.

அவருடைய பயம் என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது போல இருந்தது. முழுக்கப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை சந்தியாவை அனுப்பிவிட்டார்கள். கண்காட்சியைத் தலைமை ஆசிரியை திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார். என் மேல் அவர் கோபப்படவில்லை, தாளை எடுத்து வந்து என் மேசையில் வைத்து, “இந்தக் கடைசி வரி வேணுமா பாரதி?” என்று மட்டும் கேட்டார். அடித்தேன். கடித்துக் காட்டும் குறிப்பையும் அடித்தேன். புரதத்துக்கு வேறு எழுதினேன்: “நான் புரதம். உன் உடம்பைக் கட்டவும் பழுது பார்க்கவும் உதவுவேன். முட்டையில் இருக்கிறேன், பருப்பில் இருக்கிறேன், கொள்ளில் இருக்கிறேன், மொச்சையில் இருக்கிறேன்.”

சனிக்கிழமை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், படித்துப் பாருங்கள், ஏதாவது பயமாக இருந்தால் எடுத்துவிடுகிறேன் என்று நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். சோற்றுக்கு எழுதிய இரண்டு வரியில் விரல் நின்றது.

“சோத்துக்கு ஏன் இவ்ளோ கம்மியா எழுதியிருக்கீங்க?”

நான் தாளை எட்டிப் பார்த்தேன்.

“அன்னைக்குக் காலைல பழய சோறுதான் துன்னேன். அத வச்சிக்கினுதான் அவ்ளோ தூரம் ஓடுனேன். வேற ஒண்ணும் இல்ல வயித்துல” என்றார். குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு விவரத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

அவர் சொன்னது சரி. ஓடும்போது தசை உடனே எடுத்துக்கொள்வது மாவுச்சத்தைத்தான். நான் மூன்று வருடம் படித்த பாடம் அது. அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினேன்: “நான் சோறு. என்னிடம் இருப்பது மாவுச்சத்து. நீ ஓடும்போது உன் கால் என்னைத்தான் முதலில் கேட்கும். உன் அம்மா வேலை செய்யும்போது அவர் கையும் என்னைத்தான் கேட்கும். என்னோடு பருப்பையும் கொஞ்சம் எண்ணெயையும் சேர்த்துக்கொள். மூவரும் சேர்ந்தால்தான் டப்பா.”

திங்கட்கிழமை டப்பாவில் வைத்த கடலையை நானே கடையில் வாங்கி, ஒவ்வொன்றாக வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய்ப் பசை மட்டும்தான் வந்தது. இருந்தும் இன்னொரு தாளில் தேய்த்தேன்.

சந்தியாவுக்கு எதைப் பேச விருப்பமோ அதைப் பேசலாம் என்றேன். அவள் சோற்றை எடுத்துக்கொண்டாள். பேச்சு நன்றாக வந்தது. முடித்ததும், பார்க்க வந்த பெற்றோர் கூட்டத்தில் கதவோரம் தேடினாள். அம்சவள்ளி அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தார். பிள்ளை டப்பாவிலிருந்த சோற்றைக் காட்டி, தின்னலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பெற்றோர் கூட்டத்தில் கூட அவர் அவ்வளவு முன்னால் வந்ததில்லை. ஒரு பருக்கையை எடுத்து முகர்ந்தார், தன் வாயில் போட்டுக்கொண்டார், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு துன்னு என்று தலையை ஆட்டினார்.